ஆறாம் வாரத்து ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

கர்ப்பத்தின் வாரக் கணக்கு கரு உண்டான நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வரும் பெண்ணுக்கு ஏறக்குறைய 14ஆம் நாளில் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவருகிறது. அது கருவுற்று, கருக்குழாய் வழியே நகர்ந்து வந்து, கருப்பையின் உட்சுவரில் பதிய இன்னும் ஒரு வாரம் போல ஆகும். நாள் தள்ளிப்போய், வீட்டில் செய்யும் சோதனையில் இரண்டு கோடு விழும்போது கணக்குப்படி 4 வாரம் ஆகியிருக்கும். கருவின் உண்மையான வயதோ இரண்டு வாரம்தான். அந்த வயதில் அது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே உள்ள செல் தகடு. எத்தனை விலை உயர்ந்த ஸ்கேன் கருவியிலும் அது தெரியாது.

ஆகவே நாள் தள்ளிப்போன மறுநாளே ஸ்கேன் எடுத்து “ஒன்றும் தெரியவில்லை” என்ற பதில் வந்தால், அது கர்ப்பத்தைப் பற்றிய செய்தி அல்ல, கருவியின் எல்லையைப் பற்றிய செய்தி. அந்த நாளில் சிறுநீர்ச் சோதனைக்குத் தெரிவது ஸ்கேனுக்குத் தெரியாது. கருவைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோன் இரத்தத்திலும் சிறுநீரிலும் கலந்த பிறகு, கண்ணுக்குத் தெரிய ஒரு வாரமாவது பொறுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் கருவி ஒலியலைகளை உடலுக்குள் அனுப்பி, அவை திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைகிறது. இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அலையின் அதிர்வெண் கூடினால் நுணுக்கமான விவரம் தெரியும், ஆனால் அலை ஆழமாகப் போகாது. வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனில், தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் குறைந்த அதிர்வெண்தான் பயன்படும். கருப்பை அப்போது இடுப்பெலும்புக்குள் இருப்பதால், சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிட்டு அலை கடக்க ஒரு வழி தருகிறது. பிறப்புறுப்பு வழியே மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்க்கும் ‘உள் ஸ்கேன்’ அப்படியல்ல. அதன் முனைக்கும் கருப்பைக்கும் நடுவே சில சென்டிமீட்டர் தூரமே இருப்பதால் கூடுதல் அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம். அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் தெரிவது உள் ஸ்கேனில் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பாகவே தெரிந்துவிடும். கருப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தாலோ, நார்த்திசுக் கட்டி இருந்தாலோ, உடல் பருமன் கூடுதலாக இருந்தாலோ இந்த இடைவெளி இன்னும் விரியும். உள் ஸ்கேன் என்றதும் பலர் தயங்குகிறார்கள். அது கருவைத் தொடுவதில்லை, கருப்பை வாய்க்கு வெளியேதான் நிற்கிறது. அதனால் கரு கலையும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

உள் ஸ்கேனில் முதலில் தெரிவது கரு அல்ல, கருவுக்கான இடம். நாலரை முதல் 5 வாரத்துக்குள், கருப்பையின் தடித்த உட்சவ்வுக்குள் 2 அல்லது 3 மில்லிமீட்டரில் ஒரு கறுப்பு வட்டம் தோன்றுகிறது. உள்ளே நீர் இருப்பதால் கறுப்பு. ரிப்போர்ட்டில் ஜெஸ்டேஷனல் சாக் என்று எழுதுவது இதைத்தான். பேச்சில் வெறும் ‘சாக்’. இது கருப்பையின் நடுக்கோட்டில் இருக்காது, சற்று ஒரு பக்கமாகச் சவ்வுக்குள் புதைந்திருக்கும். இந்தப் பக்கவாட்டு நிலை ஒரு முக்கியமான தடயம், பின்னால் மறுபடியும் வரும்.

ஐந்தரை வாரத்தில் சாக்குக்குள் வெள்ளை விளிம்புள்ள ஒரு சிறு வளையம் தெரிகிறது. அது யோக் சாக். நஞ்சுக்கொடி வேலையை ஏற்கும்வரை கருவுக்கு ஊட்டம் கடத்தும் தற்காலிக உறுப்பு. பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமாகப் படலாம், ஆனால் ஸ்கேன் எடுப்பவர் இதைக் கண்டதும் ஒரு பெரிய கேள்வியைத் தீர்த்துவிடுகிறார். யோக் சாக் கருப்பைக்குள் தெரிந்தால் கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறது என்பது உறுதி.

6 வாரம் ஆகும்போது யோக் சாக்கின் ஓரத்தில் ஒட்டினாற்போல ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் ஒரு தடிப்பு. அதுதான் கரு. கை, கால், தலை என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் ஒரு மினுக்கம் தெரியலாம். அப்போது இதயம் நான்கு அறைகளுள்ள உறுப்பு அல்ல, மடியத் தொடங்கிய ஒரு குழாய். 6ஆம் வாரத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 115 வரை துடித்து, 9ஆம் வாரத்தில் 170ஐத் தொட்டு, பிறகு மெல்லக் குறையும். துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தால் மருத்துவர் ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்.

துடிப்பின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. கருவி எழுப்பும் அந்தச் சத்தம் டாப்ளர் என்ற முறையில் வருவது. அதற்கு அலைகளின் சக்தியை ஒரு சிறு இடத்தில் கூடுதலாகக் குவிக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கருவின் மேல் தேவையில்லாமல் அப்படிச் செய்வதை ஸ்கேன் துறையின் வழிகாட்டுதல்கள் தவிர்க்கச் சொல்கின்றன. துடிப்பை அலைக்கோடாக வரைந்து எண்ணும் எம்-மோட் என்ற முறை உண்டு. வேகத்தை அளக்க அதுவே போதும், சத்தம் வராது. சத்தம் வைக்காத மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. சாதாரண படம் எடுக்கும் ஸ்கேனால் கருவுக்குத் தீங்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் தேவையான நேரத்துக்கு மட்டும், தேவையான அளவு சக்தியில் மட்டும் என்பதே விதி.

சாக், யோக் சாக், கரு, துடிப்பு என்ற இந்த வரிசை மாறுவதில்லை. மாறுவது அவை தோன்றும் நாள். முதல் வார ஸ்கேன்களின் கலக்கம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. “ஏழு வாரம் ஆச்சு, சாக் மட்டும்தான் இருக்கு, ஹார்ட்பீட் வரல” என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு, அந்த ஒரு வரிக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. கரு வளர்ச்சி நின்றிருக்கலாம், அல்லது கர்ப்பம் கணக்கைவிட இளையதாக இருக்கலாம். ஒரே ஒரு ஸ்கேன் படம் இந்த இரண்டையும் பல நேரங்களில் பிரித்துக் காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்க்கலாம். ஒரு பெண்ணின் கடைசி மாதவிடாய் ஜூன் 3 அன்று வந்தது. ஜூலை 23 அன்று ஸ்கேன். 50 நாள் ஆகிவிட்டது, அதாவது 7 வாரமும் 1 நாளும். அந்தக் கணக்குக்கு 8 மில்லிமீட்டர் போல ஒரு கருவும் தெளிவான துடிப்பும் இருக்க வேண்டும். தெரிந்ததோ சராசரி 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாக், அதற்குள் யோக் சாக். கரு இல்லை. சாக் முட்டை வடிவில் கோணலாகவும் இருக்கக்கூடும் என்பதால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரியோடு 30ஐக் கூட்டினால் கர்ப்பத்தின் வயது நாட்களில் ஏறக்குறையக் கிடைக்கும் என்பது ஸ்கேன் அறையில் பழகிவந்த வாய்ப்பாடு. 10உடன் 30 சேர்த்தால் 40 நாள், அதாவது 5 வாரமும் 5 நாளும். அந்த வயதுக்கு யோக் சாக் தெரிவதும் கரு தெரியாததும் இயல்புதான்.

கணக்குக்கும் படத்துக்கும் நடுவே 10 நாள் இடைவெளி எங்கிருந்து வந்தது? அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் வருவது வழக்கமாகவே 38 நாளுக்கு ஒருமுறை. கருமுட்டை வெளிவந்ததற்குப் பிந்தைய நாட்கள் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 14 ஆகவே இருக்கும்; நீள்வது அதற்கு முந்தைய நாட்கள்தான். ஆகவே இவருக்கு முட்டை வெளிவந்தது 14ஆம் நாளில் அல்ல, 24ஆம் நாள் வாக்கில். கரு 10 நாள் இளையது. பிசிஓடி உள்ளவர்களுக்கும், அண்மையில் கருத்தடை மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கருவுற்றவர்களுக்கும் இப்படி ஆவது அபூர்வம் அல்ல. ஸ்கேன் அறையில் “கடைசியா எப்போ குளிச்சீங்க?” என்ற கேள்வியோடு நிறுத்தாமல் “வழக்கமா எத்தனை நாளுக்கு ஒருதரம் வரும்?” என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

இந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது, 11 நாளாவது கழித்து மறு ஸ்கேன். அவர் 12 நாள் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று வருகிறார். இப்போது 10 மில்லிமீட்டர் கரு, துடிப்பு உண்டு. ஆரம்ப வாரங்களில் கரு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்வதால், கருவின் நீளத்தோடு 42ஐக் கூட்டினால் வயது நாட்களில் வரும். 52 நாள். முதல் ஸ்கேனில் 40, அதற்குப் பின் 12. இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன. முதல் நாளே ‘வளர்ச்சி இல்லாத கர்ப்பம்’ என்று மாத்திரை கொடுத்திருந்தாலோ ‘கிளீன்’ செய்திருந்தாலோ நல்ல கர்ப்பம் ஒன்று போயிருக்கும். கதை வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம். 12 நாள் கழித்தும் கருவோ துடிப்போ இல்லையென்றால் வளர்ச்சி நின்றுவிட்டது என்று அப்போது உறுதியாகச் சொல்லலாம். காத்திருந்ததால் கர்ப்பத்துக்கு எந்தக் கேடும் வந்திருக்காது. வேதனை 12 நாள் நீண்டிருக்கும், அதை மறுப்பதற்கில்லை.

இந்தத் தவறு உண்மையில் நடந்திருக்கிறது. கருச்சிதைவு என்று சொல்லப்பட்டு, பிறகு உயிருள்ள கர்ப்பம் என்று தெரிய வந்த நிகழ்வுகள் அயர்லாந்தில் வெளிச்சத்துக்கு வந்தபோது, அந்நாட்டுச் சுகாதார நிர்வாகம் ஆய்வு நடத்தியது. 2011இல் வெளியான அறிக்கை 24 நிகழ்வுகளைப் பதிவுசெய்தது. அதே ஆண்டில் லண்டனைச் சேர்ந்த டாம் பர்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அதுவரை புழக்கத்தில் இருந்த அளவுகளையே கேள்விக்குள்ளாக்கினார்கள். 16 மில்லிமீட்டர் சாக்கில் கரு இல்லாவிட்டால் போதும், 5 மில்லிமீட்டர் கருவில் துடிப்பு இல்லாவிட்டால் போதும் என்று பல இடங்களில் முடிவுகட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்த அளவைத் தாண்டியும் சில கர்ப்பங்கள் நன்றாக வளர்ந்தது தெரிந்தது. ஒருவர் அளப்பதற்கும் இன்னொருவர் அளப்பதற்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடுவதும் இதில் சேர்ந்துகொண்டது.

அதனால் எல்லைக்கோடு வேண்டுமென்றே தள்ளி வைக்கப்பட்டது. 2013இல் அமெரிக்க நிபுணர் குழுவின் சார்பில் பீட்டர் டூபிலே முதலியோர் எழுதிய கட்டுரையும், பிரிட்டனின் வழிகாட்டுதல்களும் ஒரே எண்களைச் சொல்கின்றன. உள் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லையென்றால், அல்லது சாக்கின் சராசரி 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து கரு இல்லையென்றால்தான், ஒரே ஸ்கேனில் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சொல்லலாம். அப்போதும் இன்னொருவர் பார்த்து உறுதிசெய்வது நல்லது என்கிறது பிரிட்டன் விதி. அளவு அதற்குக் குறைவாக இருந்தால் சந்தேகம் மட்டுமே, முடிவு அல்ல. முதல் ஸ்கேனில் வெறும் சாக் மட்டும் இருந்தால் இரண்டு வாரம், யோக் சாக்கும் இருந்தால் 11 நாள் பொறுத்துப் பார்த்து, அப்போதும் துடிப்புள்ள கரு இல்லையென்றால் உறுதி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது ‘சாக் எத்தனை மில்லிமீட்டர், கரு எத்தனை மில்லிமீட்டர், உள் ஸ்கேனா வயிற்று ஸ்கேனா’ என்ற மூன்றையும் பார்த்தால், சொல்லப்பட்டது முடிவா சந்தேகமா என்பது வாசிப்பவருக்கே விளங்கிவிடும். வயிற்று ஸ்கேனுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

ஐவிஎஃப் முறையில் கருவுற்றவர்களின் நிலை சற்று வேறு. கரு எந்த நாளில் உண்டானது என்பது ஆய்வகப் பதிவிலேயே இருக்கிறது. ‘முட்டை தாமதமாக வந்திருக்கலாம்’ என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. படம் கணக்கைவிடப் பின்தங்கியிருந்தால் கவலைப்படக் காரணம் கூடுதல். ஆனாலும் முடிவுக்கான மில்லிமீட்டர் அளவு அங்கேயும் அதேதான்.

இதைவிடச் சிக்கலான ஒரு படம், ஒன்றுமே இல்லாத கருப்பை. சிறுநீர்ச் சோதனை பாசிட்டிவ், கருப்பைக்குள் சாக் இல்லை, வெளியேயும் எதுவும் தெரியவில்லை. மருத்துவர்கள் இதை ‘இடம் தெரியாத கர்ப்பம்’ என்று குறிக்கிறார்கள். இது ஒரு நோயின் பெயர் அல்ல, அந்த நாளின் நிலைமைக்கு வைத்த தற்காலிகப் பெயர். பின்னால் மூன்று வாசல்கள் இருக்கின்றன. கர்ப்பம் மிகவும் இளையதாக இருக்கலாம். ஏற்கெனவே கலைந்து வெளியேறியிருக்கலாம். அல்லது கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்துகொண்டிருக்கலாம். நூறு கர்ப்பங்களில் ஒன்று இரண்டு கருப்பைக்கு வெளியே பதிகின்றன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில். குழாய் விரிந்து கொடுக்கும் உறுப்பு அல்ல. அது வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும்.

குழாயில் இருக்கும் கர்ப்பத்தை ஸ்கேன் எப்போதும் நேராகக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சிலருக்குச் சினைப்பைக்கும் கருப்பைக்கும் நடுவே ஒரு தனிக் கட்டியாக, அரிதாக உள்ளே துடிப்போடு தெரியும். பலருக்கு முதல் ஸ்கேனில் எதுவும் தெரியாது. கருமுட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற நீர்க்கட்டி இயல்பான கர்ப்பத்திலும் இருக்கும். அதையும் குழாய்க் கர்ப்பத்தையும் பிரித்தறிவது எளிதல்ல. கருப்பையின் நடுவில் கொஞ்சம் நீர் தேங்கி சாக் போல ஏமாற்றுவதும் உண்டு. முன்பு சொன்ன பக்கவாட்டுத் தடயம் பயன்படுவது இங்கேதான். உண்மையான சாக் சவ்வுக்குள் ஒரு பக்கமாகப் புதைந்திருக்கும். தேங்கிய நீர் நடுவில், சவ்வுகளுக்கு இடையே, கோடு போலக் கிடக்கும். உருண்டையாக ஒன்று தெரிந்தால் அது சாக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதி, யோக் சாக் வரும்வரை அவசரப்படாமல் இருப்பதே இன்றைய வழக்கம்.

இந்த இடத்தில் ஸ்கேன் தனியாக நிற்காமல் இரத்தச் சோதனையின் கையைப் பிடித்துக்கொள்கிறது. பீட்டா எச்சிஜி அளவை ஒருமுறை பார்த்துவிட்டு, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் அந்த இடைவெளியில் அளவு கணிசமாக ஏறும். தொடக்க அளவு 1,500க்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய பாதி அளவாவது கூடியிருக்க வேண்டும். விழுந்துகொண்டே வந்தால் கர்ப்பம் முடிந்துகொண்டிருக்கிறது. ஏறியும் ஏறாமலும், இறங்கியும் இறங்காமலும் தடுமாறினால் குழாய்க் கர்ப்பம் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அளவு சரியாக ஏறுவதால் மட்டும் குழாய்க் கர்ப்பம் இல்லை என்றாகிவிடாது.

எச்சிஜி 1,500 அல்லது 2,000ஐத் தாண்டியும் கருப்பையில் சாக் இல்லையென்றால் குழாய்க் கர்ப்பம்தான் என்று ஒரு காலத்தில் விதி போல நம்பினார்கள். அந்த நம்பிக்கை இப்போது தளர்ந்துவிட்டது. அந்த அளவுக்கு மேலும் முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், பிறகு நன்றாக வளர்ந்த கர்ப்பங்கள் பதிவாகியிருக்கின்றன. இரட்டைக் கருவானால் எச்சிஜி கூடுதலாக இருக்கும், சாக்குகள் மட்டும் இன்னும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கலாம். குழாய்க் கர்ப்பத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் ஊசி வளரும் செல்களைத் தடுப்பது. கருப்பைக்குள் நல்ல கர்ப்பம் இருக்கும் பெண்ணுக்கு அதைப் போட்டுவிட்டால் கர்ப்பம் கலையலாம், தப்பிப் பிழைத்தாலும் கருவுக்கு ஊனம் வரலாம். ஒரே ஒரு எச்சிஜி எண்ணையும் ஒரே ஒரு வெற்றுப் படத்தையும் வைத்து, உடல்நிலை நன்றாக இருக்கும் பெண்ணுக்கு அந்த ஊசியைப் போடக்கூடாது என்று 2013 கட்டுரை வலியுறுத்துவது இதனால்தான். மறுபக்கம், ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி என்று வந்தால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்கும் கதை அங்கே முடிந்துவிடுகிறது. உள்ளே கசியும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலிக்கிறது. அது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறி.

சந்தேகங்களை வளர்க்கும் இதே ஸ்கேன் ஒரு விஷயத்தில் மட்டும் மற்ற எதையும்விட நம்பகமானது. அது கர்ப்பத்தின் வயதைச் சொல்வது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவரது குழுவினரும், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் ஒலிக் கருவியை மருத்துவத்துக்குத் திருப்பி, 1958இல் முதல் கட்டுரையை வெளியிட்டார்கள். அதே நகரில் ஹியூ ராபின்சன் 1973இல் கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறையைத் தந்தார். ரிப்போர்ட்டில் சிஆர்எல் என்று வருவது அந்த நீளம். இது இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதுதான். தாய் உயரமா குள்ளமா, தந்தை எந்த ஊர் என்பதெல்லாம் அப்போது எடுபடாது. அவை பிற்பாடுதான் தலையெடுக்கும்; அதனால்தான் ஏழாம் மாத ஸ்கேன் தரும் வயதில் பல நாள் பிசகு இருக்கும்.

கணக்கும் படமும் ஓரிரு நாள் வேறுபட்டால் கடைசி மாதவிடாய்த் தேதியையே வைத்துக்கொள்வார்கள். 9 வாரம் நிறைவதற்குள் எடுத்த ஸ்கேனில் 5 நாளுக்கு மேல், அதன்பின் 14 வாரத்துக்குள் எடுத்ததில் 7 நாளுக்கு மேல் வேறுபட்டால், ஸ்கேன் சொல்லும் தேதியே பிரசவத் தேதி. மேலே கண்ட பெண்ணுக்கு மாதவிடாய்க் கணக்கில் மார்ச் 10 என்று வந்த தேதி மார்ச் 20 ஆக மாறும். கடைசி மாதத்தில் ‘நாள் கடந்துவிட்டது’ என்று வலி வரவழைக்கும் மருந்தை ஏற்றலாமா என்று யோசிக்கும்போது அந்த 10 நாள் பெரிய வித்தியாசம். ஒருமுறை இப்படி நிர்ணயித்த தேதியைப் பிறகு வரும் ஸ்கேன்களைப் பார்த்து மாற்றக்கூடாது. பிந்தைய ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு தேதியை அச்சிட்டுத் தருவதால் வீட்டில் குழப்பம் வருகிறது. முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பதன் பயன் அப்போது தெரியும்.

இரட்டைக் குழந்தைகள் விஷயத்தில் ஆரம்ப ஸ்கேன் பாதி நம்பகமானது. இரண்டு தனிச் சாக்குகள் இருந்தால் 5ஆம் வாரத்திலேயே தெரிந்துவிடலாம். ஒரே சாக்கைப் பகிரும் இரட்டைக் கருக்கள் அப்போது ஒன்றாகவே தோன்றும். 7, 8 வாரத்துக்குப் பிறகுதான் இரண்டு துடிப்புகள் பிரிந்து தெரியும். நேர்மாறாகவும் நடக்கும். 6ஆம் வாரத்தில் இரண்டு இருந்து, 10ஆம் வாரத்தில் ஒன்று மட்டும் எஞ்சும். மற்றது வளர்ச்சி நின்று மெல்லக் கரைந்துவிடும். பெரும்பாலும் இதனால் மற்ற கருவுக்கு ஒன்றும் ஆவதில்லை, முதல் ஸ்கேன் தவறு என்றும் பொருளில்லை. இரட்டையர் ஒரே நஞ்சைப் பகிர்கிறார்களா என்பதை 14 வாரத்துக்குள் பார்த்துக் குறித்துவிட வேண்டும், பிறகு பிரித்துச் சொல்வது கடினம்.

குழந்தை ‘நன்றாக’ இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்த ஸ்கேனால் பதில் சொல்ல முடியாது. உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும்போது அவற்றின் குறையைக் காண முடியாது. போதாததற்கு, இயல்பான வளர்ச்சியே அப்போது குறைபோலத் தெரியும். 8ஆம் வாரத்தில் கருவின் தலைக்குள் கறுப்பாக ஒரு குழி தெரியும். அறியாத கண்ணுக்கு மூளையில் நீர் கோத்தது போல இருக்கும். அது பின்மூளையின் இயல்பான நீர் நிறைந்த அறை. 8ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம்வரை குடல் தொப்புள்கொடிக்குள் வெளியே புடைத்திருக்கும். வயிற்றுக்குள் இடம் போதாமல் வெளியே வளர்ந்து, பிறகு தானே உள்ளே போகும். அதை வயிற்றுச் சுவர்க் குறை என்று 12 வாரத்துக்கு முன் சொல்லிவிட முடியாது. டவுன் நோய்க்குறி போன்ற மரபணுச் சிக்கல்களின் அடையாளங்களும் 6, 7ஆம் வாரப் படத்தில் இல்லை.

ஆண், பெண் வேறுபாடும் இந்த வாரங்களில் படத்தில் கிடையாது. வெளிப்புற உறுப்பு இரு பாலுக்கும் ஒரே மொட்டாகத்தான் தொடங்குகிறது. இந்தியாவில் எந்த வாரத்திலும் அதைப் பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்முன் எஃப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவது அதற்காகத்தான்.

துடிப்பு தெரிந்த பிறகும் சாக்கின் ஓரத்தில் இரத்தக் கசிவுத் தேக்கம் இருப்பதாக ரிப்போர்ட் சொல்லலாம். சிறிய தேக்கங்கள் பெரும்பாலும் தானே கரைகின்றன. படுக்கையில் கிடந்தால் அது கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. துடிப்பைக் கண்டதும் கரு கலையும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, முற்றிலும் போவதில்லை. ஆரம்பத்தில் கலையும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் பிழை. அது கருவுற்ற வேளையிலேயே நேர்ந்திருந்தாலும், 6ஆம் வாரத்தில் துடிக்கும் கருவின் படத்தில் அதன் தடம் இருக்காது. குரோமோசோம் சிக்கலின் வாய்ப்பைக் கணிக்க, சிஆர்எல் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, அதாவது 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் நடுவே, கழுத்தின் பின்புறத் தோலடி நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, சிறுநீரகம், முகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில்.